லாரி இல்லை, ரசீதுப் புத்தகம்: ஏழு அடுக்கு அட்டவணையை இனி எனக்கு அனுப்பாதீர்கள்



செமஸ்டர் தேர்வு நெருங்கினால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது. என்னிடம் படித்தவர்கள் அனுப்புகிறீர்கள், இப்போது உங்கள் பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். "சார், நெட்வொர்க் பாடத்தில் புரோட்டோகால் அடுக்குகள் முழுவதையும் ஒரே பக்க அட்டவணையாகச் சுருக்கிவிட்டேன். சரியா பாருங்க" என்று கூடவே ஒரு வரி. அட்டவணையைத் திறந்தால் ஏழு வரிசை. பிசிக்கல் என்றால் சாலை. டேட்டா லிங்க் என்றால் டிராஃபிக் போலீஸ். நெட்வொர்க் என்றால் ஜிபிஎஸ். டிரான்ஸ்போர்ட் என்றால் லாரி. செஷன் என்றால் போன் பேச்சு. பிரசன்டேஷன் என்றால் மொழிபெயர்ப்பாளர். அப்ளிகேஷன் என்றால் ஓட்டல் சர்வர். கடைசியில் மனப்பாடத்துக்கு "ப்ளீஸ் டூ நாட் த்ரோ சாசேஜ் பீட்சா அவே".

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே ஒரே பதிலாக எழுதுகிறேன். இந்த அட்டவணை தவறு. அச்சுப் பிழை போன்ற சின்னத் தவறு இல்லை. படித்தவன் தலையில் தலைகீழான படத்தை ஏற்றிவிடுகிற தவறு.

அட்டவணை போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பக்கப் பாடத்தை ஒரு பக்கத்தில் அடக்குவது நல்ல பயிற்சி. அன்றாட வாழ்க்கையிலிருந்து உவமை எடுப்பதும் நல்லதே. ஆனால் அடுக்குகளைப் பற்றிய பாடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒவ்வொரு அடுக்கின் பெயர் இல்லை. ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். ஏழு வரிசைக்கு ஏழு கதை சொன்னால் அந்த உறவு காணாமல் போகிறது. டிராஃபிக் போலீசுக்கும் ஓட்டல் சர்வருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை? ஏழு துண்டுப் படத்தை ஒட்டினால் ஒரு படம் ஆகாது.

ஒரே கதையை எடுத்து மேலிருந்து கீழே கொண்டு போவோம். தபால் கதையே போதும். ஆனால் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து மாஹேக்கு ஒரு கடிதம் போகிறது. நம் ஊர் பின்கோடு 605001. மாஹேயின் பின்கோடு 673310. இரண்டும் ஒரே யூனியன் பிரதேசம், ஒரே சட்டசபை. ஆனாலும் எண்கள் ஒட்டவே இல்லை. காரைக்கால் 609602, ஏனாம் 533464. காரைக்காலின் 609 பக்கத்து மயிலாடுதுறையோடு சேர்ந்தது, மாஹேயின் 673 கோழிக்கோட்டுப் பக்கம், ஏனாமின் 533 கோதாவரிப் பக்கம். நம் 605-ஐ விழுப்புரமும் பகிர்ந்துகொள்கிறது. ஏன்? பின்கோடு சொல்வது நீ எந்த அரசுக்குச் சொந்தம் என்பதை இல்லை. உன்னிடம் வந்து சேர எந்த வழியாக வர வேண்டும் என்பதை. 1972 ஆகஸ்ட் 15-ல் இந்த எண் முறை வந்தபோதே அதன் நோக்கம் பிரித்து அனுப்புவதுதான்.

ஐபி முகவரியும் இதே மாதிரிதான். அதன் முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்கிறது, பின்பகுதி அந்த நெட்வொர்க்குக்குள் எந்தக் கருவி என்று சொல்கிறது. நடுவில் இருக்கும் ரூட்டர் முன்பகுதியை மட்டும் பார்த்து அடுத்த திசையைத் தீர்மானிக்கும். அது ஜிபிஎஸ் இல்லை. ஜிபிஎஸ் முழுப் பாதையையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தரும். ரூட்டருக்கு முழுப் பாதை தெரியாது. 673 என்று ஆரம்பித்தால் இந்தப் பக்கம் தள்ளு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இங்கே தபால் பிரிப்பவருக்கும் மாஹேயின் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கடிதம் தனியாகப் பயணம் செய்வதில்லை. ஒரு பையில் போடுகிறார்கள். பையின் மேல் ஒரு சீட்டு: புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் பையைப் பிரித்து வேறு பையில் போடுகிறார்கள். புதுச் சீட்டு: விழுப்புரத்திலிருந்து கோழிக்கோடு. பைச் சீட்டு ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறது. கடிதத்தின் மேல் எழுதிய மாஹே முகவரி மாறுவதில்லை. இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் எதற்கு இரண்டாக இருக்கின்றன என்ற கேள்விக்கு இதுதான் விடை. மேக் முகவரி என்பது பைச் சீட்டு. ஒரு தாண்டலுக்கு மட்டும் செல்லும். ஐபி முகவரி என்பது கடிதத்தின் மேல் உள்ள முகவரி, கடைசிவரை செல்லும். இந்த ஒரு வேறுபாட்டை டிராஃபிக் போலீஸ், ஜிபிஎஸ் உவமைகளிலிருந்து யாராவது வரவழைத்துக் காட்டுங்கள், நான் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

இப்போது என் முக்கியச் சண்டைக்கு வருகிறேன். டிரான்ஸ்போர்ட் என்றால் லாரி.

பெயரைப் பார்த்து உவமை எழுதியதால் வந்த வினை இது. தமிழில் "போக்குவரத்து அடுக்கு" என்று போட்டவுடன் லாரி மனதில் ஓடிவிடுகிறது. உண்மையில் பாக்கெட்டை இடம் விட்டு இடம் நகர்த்தும் வேலை டிரான்ஸ்போர்ட் அடுக்குக்குக் கிடையவே கிடையாது. அந்த வேலை அதற்குக் கீழே முடிந்துவிடுகிறது. டிரான்ஸ்போர்ட் அடுக்கு நடு வழியில் எங்கேயும் இல்லை. இரண்டு முனைகளில் மட்டும் இருக்கிறது. அனுப்பியவர் மேசையில் ஒரு ரசீதுப் புத்தகம், பெற்றவர் மேசையில் ஒரு ரசீதுப் புத்தகம். அவ்வளவுதான்.

எண்களோடு பார்ப்போம். நீங்கள் அனுப்புவது 4000 பைட் என்று வையுங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட்தான் இடம். அதில் ஐபி தன் முகவரிக்கு 20 பைட் எடுக்கும், டிசிபி தன் ரசீது விவரத்துக்கு 20 பைட் எடுக்கும். கூடுதல் குறிப்பு எதுவும் இல்லையென்றால் மீதி 1460. ஆக 4000 பைட் மூன்று துண்டாகிறது: 1460, 1460, 1080. டிசிபி ஒவ்வொரு துண்டிலும் அது எந்த பைட்டில் ஆரம்பிக்கிறது என்று எழுதுகிறது. கணக்கு எளிதாக இருக்க 1-லிருந்து எண்ணினால், முதல் துண்டில் 1, இரண்டாவதில் 1461, மூன்றாவதில் 2921.

இரண்டாவது துண்டு வழியில் தொலைந்துபோகிறது. ரூட்டர் நெரிசலில் அதைக் கீழே போட்டுவிட்டது. ரூட்டர் யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. அதற்கு அந்தக் கடமையே இல்லை. பெற்றவர் முதல் துண்டு வந்ததும் "அடுத்து 1461 வேண்டும்" என்று பதில் போடுகிறார். மூன்றாவது துண்டு வந்ததும் மறுபடியும் "1461 வேண்டும்" என்கிறார். அதே எண் திரும்பத் திரும்ப வந்தாலோ, குறித்த நேரத்துக்குள் பதிலே வராவிட்டாலோ, அனுப்பியவர் இரண்டாவது துண்டை மட்டும் மறுபடி அனுப்புகிறார். அது கிடைத்ததும் "4001 வேண்டும்" என்று பதில் வருகிறது. கணக்கு முடிந்தது. இதில் லாரி எங்கே இருக்கிறது?

நம் காலத்துப் பதிவுத் தபாலோடு ஒப்பிடலாமே என்பீர்கள். ஒப்புகை அட்டை திரும்பி வருமே என்பீர்கள். கிட்டத்தட்டச் சரி. ஆனால் பதிவுத் தபாலில் பொறுப்பு தபால் துறையுடையது. டிசிபியில் பொறுப்பு அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் உரியது. நடுவில் இருப்பவன் சாதாரணத் தபால்காரன். இந்த வேறுபாடு சிறியது என்று நினைக்காதீர்கள். 1970-களில் இதற்காகவே பிரான்சில் பெரிய சண்டை நடந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லூயி பூசான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் சிக்லாத் என்ற ஆய்வு நெட்வொர்க்கைக் கட்டினார். அவருடைய வாதம்: நடுவில் உள்ள நெட்வொர்க் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகத் தள்ளிவிட்டால் போதும், வரிசையும் கணக்கும் முனைகளில் உள்ள கணினிகளின் பொறுப்பு. பிரெஞ்சுத் தொலைபேசித் துறைக்கு இது பிடிக்கவில்லை. தொலைபேசி இணைப்பு மாதிரி நெட்வொர்க்கே பாதை போட்டு, நெட்வொர்க்கே உத்தரவாதம் தர வேண்டும் என்றது; அந்த வழியில் டிரான்ஸ்பாக் சேவையை 1978-ல் திறந்தது. சிக்லாத்துக்குப் பணம் நின்றது. ஆனால் விண்ட் செர்ஃபும் பாப் கானும் டிசிபியை வடிவமைத்தபோது பூசானின் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். 1983 ஜனவரி 1-ல் ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது. இன்று உங்கள் கையில் உள்ள போன் ஓடுவது அந்த வழியில்தான்.

"டிரான்ஸ்போர்ட் = லாரி" என்று எழுதுகிற பிள்ளை இந்தச் சண்டையில் தோற்ற கட்சியின் படத்தைத் தெரியாமல் வரைகிறது. நடுவில் உள்ளவன் பொறுப்பேற்பான் என்ற படம் அது. இன்டர்நெட் அதற்கு நேர் எதிர்.

அடுத்து, ஐந்தாவதும் ஆறாவதும். ஏழு அடுக்கு மாதிரியை விளக்கி 1980-ல் கட்டுரை எழுதிய ஹூபர்ட் சிம்மர்மனும் சிக்லாத் குழுவிலிருந்து வந்தவரே. 1984-ல் அது ஐஎஸ்ஓ தரநிலை ஆனது. நல்ல மூளைகள் உழைத்த மாதிரி. நான் கேலி செய்யவில்லை. ஆனால் இன்டர்நெட் அதன்படி கட்டப்படவில்லை. 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1122 நான்கு அடுக்குகளைத்தான் சொல்கிறது: லிங்க், இன்டர்நெட், டிரான்ஸ்போர்ட், அப்ளிகேஷன். நம் நாட்டிலும் இந்தப் போட்டி நடந்தது. 1986-ல் தொடங்கிய எர்நெட், ஐஐடி மெட்ராஸ் உட்பட்ட கல்வி நிறுவனங்களை இணைத்தது. டிசிபி/ஐபி, ஓஎஸ்ஐ இரண்டையும் ஓட்டியது. 1990-களின் நடுவில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டிசிபி/ஐபிக்கு வந்துவிட்டது.

அப்படியென்றால் பிரசன்டேஷன் அடுக்கின் வேலை பொய்யா? வேலை பொய் இல்லை. தனி அடுக்கு என்பதுதான் இல்லை. தமிழ் எழுத்துக்குறி ஒன்று யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் ஆகிறது. அதைப் பெற்றவர் யூடிஎஃப்-8 என்று அறிந்து பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய தமிழ்ப் பக்கங்களில் பார்த்தோமே, பூச்சி பூச்சியாக, அப்படித் தெரியும். இந்த ஒப்பந்தத்தை இன்று `charset=utf-8` என்று அப்ளிகேஷனே தன் கடிதத்துக்குள் எழுதிவிடுகிறது. தனியாக ஒரு உறை போடுவதில்லை. ஆறாம் வரிசையில் "ஜேபெக்" என்று எழுதுகிறார்கள். ஜேபெக் என்பது படத்தைக் கோப்பாக வைக்கும் முறை. அது அடுக்கும் இல்லை, புரோட்டோகாலும் இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டேன். என் அட்டவணை இதோ. முகநூலில் கட்டம் போட வராது, வரிசையாக எழுதுகிறேன். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு கேள்வி: வேலை என்ன, யார் படிக்கிறார்கள், தபால் கதையில் எது, கதை எங்கே உடைகிறது.

1. பிசிக்கல்
வேலை: 0, 1 ஆகியவற்றை மின்சாரமாக, ஒளியாக, ரேடியோ அலையாக மாற்றுவது.
படிப்பவர்: கம்பியின் அடுத்த முனை மட்டும்.
தபாலில்: ரயில், வேன், தபால்காரர் சைக்கிள். லாரி உவமையின் சரியான இடம் இதுதான்.
உடையும் இடம்: வேன் பையை அப்படியே கொண்டுபோகும். இங்கே சமிக்ஞை வழியிலேயே சிதையலாம்.

2. லிங்க்
வேலை: ஒரே ஒரு தாண்டல். ஈதர்நெட்டில் முன்னால் 14 பைட், பின்னால் பிழை பார்க்க 4 பைட் சேர்க்கும்.
படிப்பவர்: சுவிட்ச், வைஃபை பெட்டி, அடுத்த ரூட்டர்.
தபாலில்: பையும் பைச் சீட்டும்.
உடையும் இடம்: தபால் பையில் நூறு கடிதம் இருக்கும். இங்கே ஒரு பைக்கு ஒரு கடிதம்தான்.

3. நெட்வொர்க்
வேலை: கடைசி முகவரி வரை திசை காட்டுவது.
படிப்பவர்: வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும்.
தபாலில்: உறை மேல் முகவரி, பின்கோடு.
உடையும் இடம்: உங்கள் வீட்டு ரூட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதும். பதில் வந்ததும் வீட்டில் யாருக்கு என்று நினைவு வைத்துக் கொடுக்கும். எந்தத் தபால் நிலையமும் இப்படிச் செய்யாது.

4. டிரான்ஸ்போர்ட்
வேலை: துண்டுகளுக்கு எண், ரசீது, மறுபடி அனுப்புதல். கூடவே எந்தச் செயலிக்கு என்று சொல்லும் போர்ட் எண். டிசிபி இவை எல்லாம் செய்யும். யூடிபி போர்ட் எண்ணும் பிழைச் சோதனையும் மட்டும் வைக்கும், ரசீது கேட்காது.
படிப்பவர்: இரண்டு முனைகள். விதிவிலக்கு, மேலே சொன்ன வீட்டு ரூட்டர்.
தபாலில்: இரு மேசைகளில் உள்ள ரசீதுப் புத்தகம். போர்ட் எண் என்பது "வீட்டில் இன்னாருக்கு" என்ற வரி.
உடையும் இடம்: புத்தகம் வைத்திருப்பவர் நெரிசலைக் கண்டு வேகத்தையும் குறைத்துக்கொள்வார். கடிதம் எழுதுபவர் யாரும் அப்படிச் செய்வதில்லை.

5. அப்ளிகேஷன்
வேலை: கடிதத்தின் பொருள். பக்கம் கொடு, அஞ்சல் அனுப்பு, இந்தப் பெயருக்கு முகவரி என்ன என்பது.
படிப்பவர்: பிரவுசரும் சர்வரும்.
தபாலில்: உள்ளே எழுதிய கடிதம்.
உடையும் இடம்: பெயரிலிருந்து முகவரி கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் இந்த அடுக்கில் இருக்கிறது. ஆனால் அது முதலில் முடிந்தால்தான் மூன்றாம் அடுக்கு முகவரியே எழுத முடியும்.

நான்காவது கேள்வியை யாரும் அட்டவணையில் போடுவதில்லை. அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது என் கட்சி. உவமை எங்கே உடைகிறது என்று எழுதத் தெரியாதவருக்கு உவமையும் தெரியாது, பாடமும் தெரியாது.

இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். வீட்டில் வைஃபை கோடு முழுதாக இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை. "கம்பெனிக்காரன் மோசம்" என்பார் ஒருவர். "புது ரூட்டர் வாங்கு" என்பார் இன்னொருவர். சரியான அட்டவணை தெரிந்த பிள்ளை கீழிருந்து மேலே போகும்.

வைஃபை கோடு போனுக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள சமிக்ஞையை மட்டும் சொல்கிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபைபர் பெட்டியில் `LOS` விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வரவில்லை; முதல் அடுக்கு. இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். சிவப்பு இல்லையென்றால் கணினியில் இந்த மூன்றையும் வரிசையாக அடியுங்கள். முதல் எண் உங்கள் ரூட்டரின் முகவரி. பெட்டிக்குப் பெட்டி மாறும்.

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
nslookup wikipedia.org
```

முதலாவதுக்குப் பதில் வந்தால் உங்கள் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே குறையில்லை. இரண்டாவதுக்குப் பதில் வந்தால் வெளி உலகம் வரை வழி இருக்கிறது. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் குறை பெரும்பாலும் ரூட்டருக்கு அப்பால். இரண்டும் வந்து மூன்றாவது மட்டும் தோற்றால் கம்பியும் சரி, வழியும் சரி. பெயரை முகவரியாக மாற்றுவது மட்டும் நடக்கவில்லை. டிஎன்எஸ் அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், செலவு ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை: சில கருவிகள் `ping` கேள்விக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். பதில் வந்தால் வழி இருக்கிறது என்பது உறுதி. வராவிட்டால் வழி இல்லை என்பது உறுதி ஆகாது.

"டிராஃபிக் போலீஸ், ஜிபிஎஸ், லாரி" என்று படித்த பிள்ளை இந்த இடத்தில் என்ன செய்யும்? ஒன்றும் செய்ய முடியாது. பெயர் ஏழும் தெரியும்; எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியாது.

ஒரு எதிர்வாதம் எனக்குத் தெரியும். "சார், கேள்வித்தாளில் ஏழுதான் கேட்கிறான். நீங்கள் ஐந்து என்கிறீர்கள். மார்க் யார் தருவார்?" நியாயமான கேள்வி. தேர்வில் ஏழு கேட்டால் ஏழும் எழுது, முழு மார்க் வாங்கு. ஐந்துக்கும் ஆறுக்கும் எதிரே "இன்டர்நெட்டில் இந்த வேலைகளை அப்ளிகேஷனே செய்கிறது" என்று ஒரு வரி சேர்த்து எழுது. திருத்துபவர் அதற்காக மார்க்கைக் குறைக்கமாட்டார். நான்காவதுக்கு எதிரே மட்டும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், லாரி என்று எழுதாதே.

அட்டவணை போடப்போகும் பிள்ளைகளே, ஒரே கதையை எடுங்கள். கடைசிவரை அதையே பிடியுங்கள். உடையும் இடத்தைக் குறியுங்கள். அப்படிப் போட்ட அட்டவணையை எந்த நேரத்தில் அனுப்பினாலும் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். சாசேஜ் பீட்சா வந்தால் திறக்காமலே அழித்துவிடுவேன்.

பகிர்வதானால் முழுதாகப் பகிருங்கள். நடுவில் உள்ள பட்டியலை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாதீர்கள்.

— உங்கள் கம்ப்யூட்டர் வாத்தியார், புதுச்சேரி